எட்டாவது காரணி

மடக்கை எடு, வகையிடு, பூச்சியத்துக்குச் சமன்படுத்து. எம்.எல்.ஈ. என்றதும் பிள்ளைகள் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்துவிடுகிறார்கள். என் ரசனை அந்த மூன்றுக்கும் முன்னால் வரும் வரியில் இருக்கிறது. L(θ) என்று தொடங்கி, தரவை ஒவ்வொன்றாகப் பார்த்து, காரணி காரணியாக எழுதும் முதல் வரி அது. தரவு எப்படிக் கிடைத்தது என்ற கதை முழுவதும் அந்த வரியில்தான் ஏறுகிறது. அதற்குப் பிறகு வருவது அட்சரகணிதம். அதை நிதானமுள்ள எவரும் முடித்துவிடலாம்.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் பக்கம் ஏறாவூர்க் கடையொன்றின் கொப்பித் தாள். படித்துக்கொண்டிருக்கும் மகன், வாப்பாவின் கடையில் இருந்தபடி, ஒரு வாடிக்கையாளர் வந்து அடுத்தவர் வரும்வரை எத்தனை நிமிடம் என்று குறித்து, தாளைப் போனில் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். தாளின் மேலே 5.26, கீழே 6.15. இடையில் எட்டு வரிகள்:

4, 11, 2, 7, 1, 9, 3, 12+

மஃரிப் பாங்கு கேட்டதும் கடையைச் சாத்திவிட்டார்கள். கடைசி வாடிக்கையாளர் வந்து பன்னிரண்டு நிமிடமாகியும் வேறு யாரும் வரவில்லை. அதுதான் அந்தக் கூட்டல் குறி. படத்தோடு ஒரு கேள்வியும் வந்தது: "சேர், கடைசி வரிய விட்டுட்டுச் செய்யட்டா?"

விடக்கூடாது. அந்த வரிதான் இந்தப் பக்கத்தின் அழகு.

காத்திருப்பு நேரத்துக்கு அடுக்குக்குறிப் பரம்பலை எடுத்துக்கொள்வோம்; சராசரி இடைவெளி θ நிமிடம். முதல் ஏழு வரிகளும் முடிந்த இடைவெளிகள். ஆகவே ஒவ்வொன்றுக்கும் அடர்த்திச் சார்பின் உயரம், அதாவது (1/θ)e^(−x/θ), காரணியாக வரும். எட்டாவது வரியில் அந்த உயரத்தை எழுத முடியாது, ஏனென்றால் பன்னிரண்டாவது நிமிடத்தில் யாரும் வந்ததாகத் தாள் சொல்லவில்லை. பன்னிரண்டு நிமிடம்வரை யாரும் வரவில்லை என்பது மட்டுமே அது தரும் செய்தி. அப்படி நடப்பதற்கான நிகழ்தகவு 12க்கு அப்பால் வளைகோட்டின் வாலுக்குக் கீழே உள்ள பரப்பு: e^(−12/θ). இந்தக் காரணியில் முன்னால் நிற்கும் 1/θ இல்லை. நான் சொல்ல வந்த விடயம் முழுவதும் அந்த இல்லாமையில் அடங்கியிருக்கிறது.

எட்டையும் பெருக்கினால்:

L(θ) = θ^(−7) · e^(−49/θ)

அடுக்கில் எட்டு வரிகளின் நிமிடங்களும் கூடி 49 ஆகின்றன. θவின் அடுக்கிலோ ஏழுதான். காத்திருந்த நேரத்தில் எட்டாவது வரிக்குப் பங்கு உண்டு. வந்தவர்களின் எண்ணிக்கையில் பங்கில்லை. இந்த நியாயத்தை யாரும் வெளியிலிருந்து திணிக்கவில்லை, காரணியைச் சரியாக எழுதியதால் தானாக வந்தது. பிறகு வழக்கமான படிகள்:

ℓ(θ) = −7 ln θ − 49/θ
ℓ′(θ) = −7/θ + 49/θ²

பூச்சியத்துக்குச் சமன்படுத்தினால் θ = 49/7 = 7 நிமிடம். இரண்டாம் பெறுதி 7/θ² − 98/θ³. θ = 7 இல் அது 1/7 − 2/7, அதாவது −1/7. எதிர்க்குறி வருகிறது, ஆகவே அது உச்சம்தான்.

மகன் கேட்டபடி கடைசி வரியை விட்டிருந்தால் 37/7, ஏறத்தாழ 5.3 நிமிடம். கூட்டல் குறியை அழித்துவிட்டு 12ஐ முடிந்த இடைவெளியாக எடுத்திருந்தால் 49/8, ஏறத்தாழ 6.1. இரண்டும் கடையை உள்ளதைவிடச் சுறுசுறுப்பாகக் காட்டுகின்றன. அது தற்செயலுமல்ல. கடை மூடும் நேரம் எந்த இடைவெளியின் நடுவே வந்து விழும்? நீண்ட இடைவெளியின் நடுவே விழவே வாய்ப்புக் கூட. வெட்டுப்பட்ட வரிகளை எறிகிறவர் நீண்டவற்றையே பொறுக்கி எறிகிறார். மொத்த நேரத்தை, முடிந்த நிகழ்வுகளின் எண்ணிக்கையால் வகுக்கும் இதே வடிவத்தைத்தான் 1953இல் எப்ஸ்டைனும் சோபெலும் பொருட்களின் ஆயுட்காலச் சோதனைக்கு எழுதினார்கள். அங்கே வாடிக்கையாளர் வருவதற்குப் பதிலாகப் பொருள் பழுதாகிறது, அவ்வளவுதான்.

இனி, படத்தைப் பற்றி. ஐந்தாவது வரியில் உள்ள 1இன் தலையில் பேனை சற்றே சாய்ந்திருக்கிறது; போன் வெளிச்சத்தில் அது 7 மாதிரியும் தெரிகிறது. அதை 7 என்று வாசித்தால் கூட்டுத்தொகை 55, மதிப்பீடு 7.9க்கு அருகில் போய்விடும். படத்தைப் பெருப்பித்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மேலே 5.26, கீழே 6.15, இடையே 49 நிமிடம். எல்லா இடைவெளிகளும் கூடி அந்த 49 ஆகவேண்டும், ஆகவே அது 1தான். இன்னும் ஒரு படி போகலாம். L(θ)வில் தனித்தனி எண்கள் எங்கேயும் இல்லை. 7உம் 49உம் மட்டுமே இருக்கின்றன. நடுவில் உள்ள இலக்கங்கள் முழுவதும் மை கலங்கிப் போயிருந்தாலும், வந்தவர்கள் எத்தனை பேர், கடிகாரம் எங்கே தொடங்கி எங்கே நின்றது என்ற இரண்டும் தெரிந்தால் விடை அதேதான். போதுமான புள்ளிமம் என்று வகுப்பில் ஒரு தனி அத்தியாயமாக நடத்துவதை இந்தத் தாள் ஒரே வரியில் காட்டிவிடுகிறது.

ஆனால் இலக்கங்கள் கலங்கினால் ஒன்றை இழக்கிறோம். அடுக்குக்குறிப் பரம்பல் இந்தக் கடைக்குப் பொருந்துமா என்று கேட்க அந்த இலக்கங்கள்தான் வேண்டும். 1, 2, 3 என்று குறுகியவை பல, 9, 11 என்று நீண்டவை சில. இப்படிச் சிதறினால் பொருத்தமென்று எடுக்கலாம். எல்லா வரிகளும் 6, 7, 8 என்றே நின்றிருந்தாலும், அல்லது பஸ் நின்றதும் நாலு பேர் சேர்ந்து இறங்கி வந்து 0, 0, 0 என்று நிரம்பியிருந்தாலும், அதே 49உம் 7உம் அதே விடையைத் தந்திருக்கும். பரம்பல் பிழையென்று சூத்திரம் சொல்லாது. தாளைப் பார்க்கிற கண்தான் சொல்லவேண்டும்.

உச்சத்தை மட்டும் எழுதிவிட்டுப் பேனையை மூடுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. இந்த மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே சரிவு கிடையாது. θ = 4 இல் நிகழ்வாய்ப்பு உச்சத்தின் 26 வீதத்துக்கு இறங்கிவிடுகிறது. மறுபக்கம் அதே மூன்று நிமிடம் தள்ளி, θ = 10 இல், இன்னும் 67 வீதம் நிற்கிறது. சராசரி இடைவெளி நாலு நிமிடம் என்பதை இந்தத் தாள் பெரிதாக ஏற்கவில்லை. பத்து நிமிடம் என்பதை அது மறுக்கவுமில்லை. இரண்டாம் பெறுதியிலிருந்து வரும் நியம வழு √7, ஏறத்தாழ 2.6. அது இருபக்கமும் சமமென்று பேசும். ஏழு நிகழ்வுகள் மட்டும் உள்ள தரவில் வளைகோட்டை வரைந்து பார்ப்பதே நேர்மை.

சராசரி எடுத்தாலே போதுமே, இத்தனை பாடு எதற்கு என்று திருப்புதிறன் முறையை விரும்பும் நண்பர் ஒருவர் கேட்பார். கூட்டல் குறி இல்லாத பக்கத்தில் அவர் சொல்வது சரி. இரண்டு வழியும் ஒரே எண்ணில்தான் முடியும். ஆனால் 12+ஐ எந்தச் சராசரியில் வைப்பது என்று அந்த முறை தானாகச் சொல்வதில்லை. பேயிசியன் நண்பரின் வாதம் இன்னும் கனமானது: இருபது வருடம் கடை நடத்தியவருக்குத் தெரிந்ததை ஏன் கணக்கில் சேர்க்கக்கூடாது? சேர்க்கலாம். ஆனால் அவரும் முதலில் இதே L(θ)வைத்தான் எழுதவேண்டும். தாள் என்ன சொல்கிறது என்பதைத் தனியாகக் கேட்ட பிறகு, கடைக்காரர் சொல்வதைக் கேட்பது எனக்கு ஒழுங்காகப் படுகிறது.

பேயிசியன் நண்பர் பக்கம் எனக்கு வாய் அடைக்கும் ஓர் இடமும் உண்டு. அந்த 49 நிமிடத்தில் ஒருவரும் வரவில்லை என்று வையுங்கள். தாளில் 49+ என்ற ஒரே வரி. அப்போது L(θ) = e^(−49/θ). θ பெருக அதுவும் பெருகிக்கொண்டே போகும், உச்சம் கிடையாது. வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமன்படுத்தினால் தீர்வே வராது. மூன்று கட்டளையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும். சார்பைப் பார்க்கப் பழகிய பிள்ளை, இந்தத் தாள் θவுக்கு மேல் எல்லை எதையும் தரவில்லை என்று எழுதிவிட்டு எழும்பும்.

சிறிய தரவைப் பற்றிப் பேசும்போது சி. ஆர். ராவை நினைக்காமல் இருக்க முடியாது. பிஷர் 1912இல் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோதே எம்.எல்.ஈ. வழியைத் தொட்டார். 1922 கட்டுரையில் அதற்குப் பெயரும் உருவமும் கொடுத்தார். ஆனால் மதிப்பீட்டின் நுட்பம் பற்றி அவர் சொன்னவை பெரிய மாதிரிகளுக்கு. 1944இல் கல்கத்தாவில் இருபத்துநாலு வயது ராவ் அதைப் பாடமாக நடத்தியபோது, வி. எம். தண்டேகர் என்ற மாணவர், சிறிய மாதிரிக்கு இதை ஏன் நிறுவக்கூடாது என்று கேட்டார். ராவ் அன்றிரவே உட்கார்ந்து கணக்கிட்டார்; 1945இல் அது கட்டுரையாக வந்தது. கோடலற்ற எந்த மதிப்பீட்டின் மாறற்றிறனும் இறங்க முடியாத அடிமட்டம் அதில் கிடைத்தது. நமது தாளில் கூட்டல் குறி மட்டும் இல்லாதிருந்தால், மாதிரி எவ்வளவு சிறியதானாலும் சராசரியின் மாறற்றிறன் θ²/n அந்த அடிமட்டத்தை அப்படியே தொடும். எட்டு வரிக் கொப்பித் தாளிலும் அது பொருந்தும் என்பதில்தான் எனக்கு ராவ் மீதுள்ள பிரியம்.

இப்போது கைக்கு வரும் குறிப்புகளில் ∏ குறிக்குக் கீழே i = 1 என்றுகூட இருப்பதில்லை. முதல் வரியே ln Lஇல் தொடங்குகிறது; இரண்டாம் பெறுதி "தெளிவு" என்ற ஒரு சொல்லோடு போய்விடுகிறது. தரவுகளும் கூட்டல் குறி எதுவும் இல்லாமல், கழுவித் துடைத்தவையாக வருகின்றன. விடை மட்டும் சரியாக வந்தால் முழுப் புள்ளி. அப்படிப் பழகியவர் நிஜமான கடையின் நிஜமான தாளைக் கண்டதும், இடைஞ்சலாக நிற்கும் வரியை விடட்டுமா என்றுதான் கேட்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. புள்ளி போடும் அதிகாரம் என்னிடம் இருந்தால், பத்தில் ஐந்தை முதல் வரிக்கு ஒதுக்குவேன். எட்டாவது காரணியில் 1/θ ஏன் இல்லை என்று ஒரு வாக்கியத்தில் எழுதுகிறவருக்கு, அதற்குப் பிறகு அவர் கழித்தல் குறியொன்றைத் தவறவிட்டிருந்தாலும், அந்த ஐந்தும் முழுதாகப் போய்ச் சேரும்.