இரு களங்களும் ஓர் அசைவும்: திரைப்பிரதியில் ஒப்புமை வெட்டு

திரைப்பிரதியொன்றில் ஒரு காட்சி முடிவுற்று மற்றொன்று தொடங்கும் இடம் பெரும்பாலும் வெற்றிடமாகவே விடப்படுகின்றது. எழுதுபவர் புதிய காட்சித் தலைப்பை இட்டுக் களம் மாறிவிட்டதென அறிவித்து அப்பாற் செல்வார். எஞ்சியதைப் படத்தொகுப்பாளர் பார்த்துக்கொள்வார் என்பது எண்ணம். ஆனால் முதற் களத்தின் இறுதி உருவத்தையும் அடுத்த களத்தின் முதல் உருவத்தையும் பொதுவானதொரு வடிவத்தாலோ அசைவாலோ பிணைத்துவிடும் முறையும் உண்டு. திரைத்தொழிலில் 'மட்ச் கட்' என வழங்கும் இதனை ஒப்புமை வெட்டு எனலாம். இதனைத் தொகுப்பாளரின் கைவண்ணமாகவே விமரிசகர் பலர் பேசுவர். அக்கூற்று எவ்வளவுக்குப் பொருந்தும் என்பது ஆராயற்பாலது. ஏனெனில், பிரதி எழுதுபவருக்கு இதில் உள்ள பங்கு யாதெனத் தெளிந்தாலன்றி, அவர் எதை எழுதவேண்டும், எதை எழுதாது விடவேண்டும் என்பதும் தெளிவுறாது.

அல்பிரட் ஹிச்கொக் இயக்கி 1959இல் வெளிவந்த 'நோர்த் பை நோர்த்வெஸ்ற்' என்னும் படத்தின் முடிவு இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. அதன் திரைக்கதையை எழுதியவர் ஏர்ணஸ்ற் லீமன். ஒற்றன் எனத் தவறாகக் கருதப்பட்டுத் துரத்தப்படும் தோண்ஹில் என்னும் விளம்பரத்துறையாளனும், எதிரிக் குழுவினுள் அரசுக்காக இரகசியமாகப் பணிபுரியும் ஈவ் கெண்டல் என்னும் பெண்ணும், அமெரிக்கச் சனாதிபதிகளின் முகங்கள் செதுக்கப்பட்ட றஷ்மோர் மலையின் பாறைமீது உயிருக்குப் போராடுகின்றனர். ஈவ் விளிம்பிலிருந்து தொங்குகிறாள். தோண்ஹில் ஒரு கையாற் பாறையையும் மறுகையால் அவளையும் பற்றியிருக்கிறான். எதிரியின் கையாள் பாறையைப் பற்றிய அவனது கையை மிதிக்கிறான். காவலர் சுட்ட குண்டுபட்டு வீழ்கிறான். தோண்ஹில் அவளை மேலே இழுக்கிறான். தன்னால் இயலாதென்கிறாள் அவள். இயலும் என ஊக்குகிறான் அவன். அடுத்த இழுப்பில், 'திருமதி தோண்ஹில்' என அவளை அழைக்கும் அவன் குரலோடு களம் மாறிவிடுகின்றது. அவன் இரவு உடையிற் புகையிரத அறையொன்றின் மேற்படுக்கையில் இருந்தபடி அவளைக் கைதூக்கி ஏற்றுகிறான்.

இங்கு விழுங்கப்பட்டவை எவ்வளவு என எண்ணிப் பார்க்கலாம். ஈவ் விளிம்பேறியது, இருவரும் மலையினின்று இறங்கியது, அதிகாரிகளின் விளக்கம், திருமணம், பயணத்தின் தொடக்கம் ஆகிய யாவும் கைவிடப்பட்டுள்ளன. வழக்கமான பிரதியொன்று இவற்றுக்கென இரண்டு மூன்று காட்சிகளையேனும் ஒதுக்கியிருக்கும். அவை எவையும் இல்லாமலே பார்வையாளர் குழப்பமுறாதிருப்பதற்குக் காரணம், கையிழுப்பு இரு களங்களிலும் ஒரே அசைவாக இருப்பது மட்டுமன்று. அசைவு ஒன்றாக இருத்தல் கண்ணை ஏமாற்றும், அறிவை நிறைவுசெய்யாது. அறிவை நிறைவுசெய்யும் செய்திகளைப் பிரதி முன்னரே வைத்துவிட்டது.

மலையிற் தொங்குவதற்குச் சற்று முன்னர், இருவரும் பாறையிடுக்கில் ஒண்டியிருக்கையில், உயிர்தப்பினால் புகையிரதத்திற் சேர்ந்தே நியூயோர்க் திரும்புவோம் என்கிறான் தோண்ஹில். அது எத்தகைய அழைப்பு என அவள் வினவ, திருமண வேண்டுகோள் என விடையிறுக்கிறான். பேச்சு அவனது முந்தைய இரு மணமுறிவுகளுக்குச் செல்கின்றது, நகைச்சுவையாகவே தோன்றுகின்றது. அந்த நகைச்சுவையினுள் இருப்பவை புகையிரதமும் திருமணமும். வெட்டு நிகழ்ந்ததும் பார்வையாளர் காண்பனவும் அவையே. இன்னும் பின்னோக்கிச் சென்றால், இருவரும் சந்தித்ததும் புகையிரதத்திலேயே என்பதும், காவலரிடமிருந்து தப்ப ஈவின் அறையில் மடித்து மூடப்பட்ட மேற்படுக்கையினுள் தோண்ஹில் ஒளிந்திருந்தான் என்பதும் நினைவுக்கு வரும். மறைவிடமாயிருந்த படுக்கை இறுதியில் மணமக்களின் படுக்கையாகின்றது. 'திருமதி' என்ற ஒரு சொல் திருமணம் நிகழ்ந்த செய்தியைத் தருகின்றது. இவற்றுள் எதுவும் படத்தொகுப்பு மேசையில் உருவாகக்கூடியதன்று.

இத்தகைய இணைப்பை எழுதும் முறை யாது? காட்சி முடிவில் வலப்புற ஓரத்தில் 'ஒப்புமை வெட்டு' என எழுதிவைத்தல் போதும் எனக் கருதுவோர் உளர். பயில்வோரின் பிரதிகளில் இப்பிழை மிகுதி. "அவன் அவளைக் காப்பாற்றுகிறான். ஒப்புமை வெட்டு. புகையிரதத்தில் இருவரும் மகிழ்ச்சியாக இருக்கின்றனர்" என ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். இதில் ஒப்புமை எது? 'காப்பாற்றுகிறான்' என்பது முடிந்த செயலின் பெயரேயன்றிக் கமெரா காணும் அசைவன்று. மேலும் செயல் முடிந்தபின் வெட்டினால் அடுத்த களத்திற்கு எடுத்துச் செல்ல எதுவும் எஞ்சியிராது. இதே இணைப்பைப் பின்வருமாறு எழுதினால் நிலைமை மாறும்: "மலை விளிம்பு, இரவு. அவன் வலக்கை அவளது மணிக்கட்டைப் பற்றியிருக்கிறது. அவளை மேல்நோக்கி இழுக்கத் தொடங்குகிறான். புகையிரத அறை, இரவு. அதே கை, அதே பிடி, இழுப்பு தொடர்கிறது. அவள் மேற்படுக்கைக்கு வந்து சேர்கிறாள்." இது லீமனின் வாசகமன்று, முறையை விளக்க எழுதப்பட்டதே. முதற் களத்தின் கடைசி வாக்கியம் முடியாத அசைவில் நிற்கின்றது. அடுத்த களத்தின் முதல் வாக்கியம் அவ்வசைவை அதே திசையில் எடுத்து முடிக்கின்றது. இவ்வாறு எழுதியபின் வலப்புறக் குறிப்பு இருப்பினும் இல்லாதுவிடினும் பெரிய வேறுபாடில்லை.

இவ்விரு வாக்கியங்களையும் துல்லியமாக எழுதவேண்டியதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. இரு களங்களும் ஒரே நாளிற் படமாக்கப்படுவதில்லை. சில வாரங்கள்கூட இடையில் வரலாம். முதற் பகுதியில் வலக்கையும் அடுத்த பகுதியில் இடக்கையும் அமைந்துவிட்டால், அல்லது ஒன்றில் உருவம் திரையை நிறைத்தும் மற்றொன்றில் மூலையிற் சிறிதாயும் அமைந்துவிட்டால், தொகுப்பாளரால் மீட்க இயலாது. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டும் ஆவணமாகப் படப்பிடிப்புத் தளத்தில் பிரதி உதவுகின்றது. ஆயினும் கமெராவின் கோணத்தையும் வில்லையையும் எழுத்தாளரே விதித்துவிடுதல் மிகை. உருவத்தின் அளவு, திரையில் அதன் இடம், அசையும் திசை ஆகிய மூன்றும் வாக்கியத்தின் அமைப்பிலேயே புலப்பட்டால் அது போதும்.

சொல்லளவில் மட்டும் ஒத்துப்போகும் ஒப்புமைகள் வேறொரு பிழை. 'வட்ட நிலா', 'வட்ட நாணயம்' என எழுதும்போது இரண்டும் ஒன்றெனவே காதுக்குத் தோன்றும். திரையில் ஒன்று தொலைவில் அசையாது நிற்கும் ஒளிப்புள்ளி. மற்றது விரல்களுக்கிடையே சுழலும் உலோகம். இரண்டும் ஒரே அளவிற் படமாக்கப்பட்டபோதும், நிலாவுக்கும் நாணயத்துக்கும் கதையில் உறவேதும் இல்லையெனின் வெட்டு தன்னையே காட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கண்டறிய எளியதொரு வழி, ஒப்புமையை நீக்கிவிட்டுப் பிரதியை மீள வாசிப்பது. 'நோர்த் பை நோர்த்வெஸ்ற்' படத்தில் அதை நீக்கினால் பல காட்சிகளைப் புதிதாக எழுதவேண்டியிருக்கும். நிலாவையும் நாணயத்தையும் நீக்கினால் எவரும் எதையும் இழக்கமாட்டார்.

இனி, தொகுப்பாளருக்கே உரியதெனப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் வெட்டொன்றுக்கு வரலாம். டேவிட் லீனின் 'லோறன்ஸ் ஒஃப் அறேபியா' (1962) படத்தில், கெய்ரோ அலுவலகமொன்றில் லோறன்ஸ் எரியும் தீக்குச்சியை ஊதி அணைக்கிறான். மறுகணம் திரை பாலைவனத்தின் விடியலாக மாறுகின்றது. படத்தைத் தொகுத்த ஆன் கோட்ஸ் பின்னாளிற் கூறியதன்படி, பிரதியில் அவ்விடத்தில் நேர் வெட்டு இருக்கவில்லை. ஓர் உருவம் மங்க மற்றது மெல்லத் தோன்றும் கரைவே குறிக்கப்பட்டிருந்தது. கரைவு ஆய்வுகூடத்திற் செய்யப்படவேண்டியதாகையால், தொகுப்புப் பிரதியை முதலிற் போட்டுப் பார்த்தபோது இரு துண்டுகளும் நேராக ஒட்டப்பட்டே இருந்தன. அந்த வலிமையைக் கோட்ஸும் லீனும் உடனே கண்டுகொண்டனர். பின்னர் கோட்ஸ் ஓரிரு பிரேம்களைக் குறைத்து அதனைச் செம்மைப்படுத்தினார்.

இதனைக் கொண்டு எழுத்தாளர் தோற்றார் என முடிவுகட்டுதல் அவசரமாகும். றொபேட் பொல்ற், மைக்கல் வில்சன் ஆகியோரின் பெயருக்குரிய அப்பிரதி, இணைப்பின் வகையைத் தவறாகக் குறித்தது உண்மை. கரைவு காலம் கழிந்ததென்று மட்டுமே சொல்லியிருக்கும். வெட்டோ, அந்த மூச்சே பாலைவனத்தைக் கொண்டுவந்தது போன்ற துணிவை லோறன்ஸுக்கு அளிக்கின்றது. எனினும் தீக்குச்சியையும் விடியலையும் அடுத்தடுத்து வைத்தது பிரதியே. அதற்கும் முன்னர், நிலவறையிற் படைவீரர் முன்னிலையில் லோறன்ஸ் எரியும் குச்சியை விரல்களால் அணைப்பதும், அதைப் பின்பற்ற முயன்ற ஒருவன் சுட்டுக்கொண்டு அதன் சூட்சுமத்தை வினவுவதும், நோவைப் பொருட்படுத்தாமையே சூட்சுமம் என லோறன்ஸ் விளக்குவதும் எழுதப்பட்டுள்ளன. எனவே அலுவலகத்தில் டிறைடன் பாலைவனத்தின் கொடுமையைப் பற்றி எச்சரித்தபின் குச்சி எரியும்போது, இம்முறையும் விரலால் அணைப்பானா என்ற எதிர்பார்ப்பு பார்வையாளரிடம் உண்டு. அவன் ஊதிவிடுகிறான். விரலுக்கு நேராத சூடு அடுத்த களத்திற் காத்திருக்கின்றது.

இவ்வெட்டைப் பற்றி எழுதுவோர் பலர், சுடரின் வடிவம் சூரியனின் வடிவமாக மாறுவதாக விவரிப்பர். படத்தை மீளப் பார்த்தால் அவ்வாறில்லை என்பது தெரியவரும். வெட்டு நிகழும் கணத்தில் திரையிற் சூரியன் இல்லை. இருண்ட நிலமும் அதன்மேற் செம்மஞ்சள் வானமுமே உள்ளன. சில விநாடிகள் எதுவும் நிகழ்வதில்லை. அதன் பின்னரே அடிவானத்தில் ஒளிவிளிம்பு மெல்லத் தலைகாட்டுகின்றது. இரு உருவங்களுக்கும் அக்கணத்திற் பொதுவாயிருப்பது நிறம் மட்டுமே. சுடருக்கும் சூரியனுக்கும் இடையிலான ஒப்புமையை, அந்தச் சில விநாடிகள் காத்திருந்த பார்வையாளரே பின்னர் தம் நினைவில் நிறைவுசெய்துகொள்கின்றனர்.