ஓராண்டில் எது தெளிவாகும்?

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் அண்மைக் காலத்தில் எழுந்த இரு பெரிய நீரேற்று மின்நிலையங்களை, அதாவது கிளாருஸ் மாநிலத்தின் லிந்த்-லிம்மெர்ன் நிலையத்தையும் வாலே மாநிலத்தின் நான்ட் த திரான்ஸ் நிலையத்தையும், அவசரப்பட்டுச் செய்த முதலீட்டுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது கடந்த பத்தாண்டில் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 கோடி பிராங்க் செலவில் கட்டப்பட்டது. கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும்போதே ஐரோப்பிய மின்சந்தை சரிந்ததால், ஓராண்டு பொறுத்துத் தேவை தெளிவான பின் முடிவெடுத்திருந்தால் இழப்பைத் தவிர்த்திருக்கலாம் என்றும், காத்திருத்தலின் மதிப்பைக் கணக்கிடும் முறை அப்போதே அதைக் காட்டியிருக்கும் என்றும் அந்த முறையை ஆதரிப்போர் வாதிடுகின்றனர். அந்த வாதத்தின் முதல் பாதி பின்னோக்கிப் பார்ப்பதால் எளிதாகத் தோன்றுகிறது. இரண்டாம் பாதி தவறானது, அந்தத் தவறு முறையின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

முறையின் சிறப்பைச் சுருக்கமாகவே ஒப்புக்கொள்ளலாம். நிகர நிகழ்கால மதிப்பு என்பது ஒரு திட்டம் வருங்காலத்தில் தரும் வருவாயை வட்டிக்கு ஈடான வீதத்தில் குறைத்து இன்றைய மதிப்பாக்கி, அதிலிருந்து முதலீட்டைக் கழித்தால் மிஞ்சும் தொகை. அது சுழிக்கு மேல் இருந்தால் முதலீடு செய் என்ற பழைய விதியில், இன்று தொடங்குவது, என்றுமே தொடங்காதிருப்பது என்ற இரு வழிகள்தான் உண்டு. நாளை தொடங்கலாம் என்ற மூன்றாம் வழிக்கு அதில் இடமில்லை. மலையைக் குடைந்து கொட்டிய காசைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், தொடங்கும் நாளைத் தேர்ந்துகொள்ளும் உரிமைக்கே ஒரு விலை உண்டு என்பதை மெக்டொனால்டும் சீகலும் 1986-இல் கணித முறையில் நிறுவினர். நடைமுறைக்கு ஒத்த எண்களை இட்டுப் பார்த்தால், எதிர்பார்க்கும் பயன் முதலீட்டைப் போல ஏறத்தாழ இரு மடங்காகும் வரை பொறுப்பதே நன்று என்று அவர்களின் கணக்கு காட்டியது. டிக்சிட்டும் பிண்டைக்கும் 1994-இல் எழுதிய நூல் அதை ஒரு துறையாகவே வளர்த்தது. பழைய விதிக்குத் திருத்தம் தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை.

வகுப்பறையில் இந்த முறையைக் கற்பிக்கும் கணக்கு எப்போதும் ஒரே வடிவில்தான் வருகிறது. 200 கோடி பிராங்க் முதலீடு கேட்கும் ஒரு மின்நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். தேவை வலுத்தால் அதன் வருவாயின் இன்றைய மதிப்பு 280 கோடி, மெலிந்தால் 140 கோடி, இரண்டுக்கும் வாய்ப்பு சரிபாதி என்று வைத்துக்கொண்டால் சராசரி 210 கோடியாகிறது. இன்றே தொடங்கினால் நிகர நிகழ்கால மதிப்பு 10 கோடி. பழைய விதிப்படி இது ஏற்கத்தக்கது. ஓராண்டு பொறுத்தால் தேவை எப்பக்கம் என்று தெரிந்துவிடும் எனக் கொண்டால், வலுத்த நிலையில் மட்டும் கட்டி 80 கோடி ஈட்டலாம், மெலிந்த நிலையில் கட்டாமலே விட்டுவிடலாம். சரிபாதி வாய்ப்பில் அது 40 கோடி, ஓராண்டுக்கு 5 விழுக்காடு குறைத்தால் ஏறத்தாழ 38 கோடி. பத்துக்கும் முப்பத்தெட்டுக்கும் இடையிலான தொலைவைக் கண்ட எவரும் பொறுத்திருப்பதையே தேர்வர்.

இந்தக் கணக்கில் கூட்டல் கழித்தல் எதுவும் பிழையில்லை. ஓராண்டு கழிந்ததும் தேவை முழுவதுமாகத் தெரிந்துவிடும் என்று ஒரே ஒரு வரி முன்வைக்கும் ஊகம்தான் 38 கோடி முழுவதையும் உண்டாக்குகிறது. அந்த ஊகத்தைத் தளர்த்திப் பார்த்தால் முறையின் உண்மையான வலிமை எவ்வளவு என்பது வெளிப்படும். ஓராண்டில் வரும் செய்தி, உண்மை நிலையை நூற்றுக்கு அறுபது முறை சரியாகச் சொல்லும் என்று கொள்ளலாம். நல்ல செய்தி வந்தால் எதிர்பார்க்கும் வருவாய் 224 கோடி, நிகர மதிப்பு 24 கோடி; கெட்ட செய்தி வந்தால் 196 கோடி, அதாவது 4 கோடி இழப்பு, ஆகையால் கட்டப்படாது. நல்ல செய்தி வர சரிபாதி வாய்ப்பு என்பதால் 12 கோடி, ஓராண்டுக் குறைப்புக்குப் பின் ஏறத்தாழ 11.4 கோடி. முப்பத்தெட்டாக இருந்தது பதினொன்றாகச் சுருங்கிவிட்டது. இன்றே தொடங்குவதைவிட அது ஒன்றரைக் கோடிகூட மேல் இல்லை. அந்த ஓராண்டில் கட்டுமானச் செலவு 2 விழுக்காடு ஏறி 204 கோடியானால் காத்திருத்தலின் மதிப்பு ஏறத்தாழ 9.5 கோடிக்கு இறங்கி, இன்று தொடங்குவதற்குக் கீழே போய்விடுகிறது.

செய்தியின் நம்பகம் ஐம்பத்தைந்து விழுக்காடு என்றால் நிலை இன்னும் தெளிவாகும். அப்போது நல்ல செய்தியில் நிகர மதிப்பு 17 கோடி, கெட்ட செய்தியிலும் 3 கோடி மிஞ்சும். இரண்டிலும் கட்டவே செய்வர் என்பதால் செய்தி முடிவை மாற்றவே இல்லை. முடிவை மாற்றாத செய்திக்குக் கணக்கில் மதிப்பும் இல்லை; ஓராண்டு தாமதத்தால் 10 கோடி 9.5 கோடியாகக் குறைந்ததுதான் பலன். இந்த எண்களின்படி, ஏறத்தாழ 58 விழுக்காட்டுக்குக் கீழான நம்பகம் கொண்ட எந்தச் செய்திக்காகக் காத்திருப்பதும் நட்டமே. ஆகவே காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு விடை, தேவை எவ்வளவு ஊசலாடுகிறது என்பதிலிருந்து மட்டும் வராது. அந்த ஊசலாட்டத்தில் எவ்வளவு பங்கு இந்த ஓராண்டுக்குள் அடங்கும் என்பதிலிருந்தே வரும். காத்திருத்தலை ஆதரிக்கும் அறிக்கைகள் முதல் அளவைத் தாராளமாக ஆய்கின்றன, இரண்டாம் அளவைக் கேட்பதுமில்லை.

நீரேற்று மின்நிலையத்தில் அந்தப் பங்கு மிகச் சிறியது. விலை குறைந்த நேரத்தில் மின்சாரம் வாங்கி, கீழ் ஏரியின் நீரை மேல் ஏரிக்கு ஏற்றி, விலை ஏறிய நேரத்தில் அதே நீரை இறக்கி மின்சாரம் விற்பதே அதன் தொழில். நூறு அலகு வாங்கினால் ஏறத்தாழ எண்பது அலகுதான் திரும்பக் கிடைக்கும் என்பதால், வாங்கிய விலையைவிட விற்கும் விலை கால் பங்காவது கூடுதலாக இருந்தால்தான் இழப்பின்றி ஓடும். மொத்த மின்தேவையைவிட, ஒரு நாளுக்குள் விலை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதே அதன் வருவாயை முடிவு செய்கிறது. நான்ட் த திரான்ஸ் நிலையத்தின் பணி 2008-இல் தொடங்கியது. வணிக இயக்கம் 2022 ஜூலை 1 அன்றுதான். பதினான்கு ஆண்டு கட்டி, அதன் பின் பல பத்தாண்டுகள் ஓட வேண்டிய ஒன்றுக்கு, 2009-ஆம் ஆண்டின் விலை ஏற்ற இறக்கம் எதைச் சொல்லியிருக்க முடியும்? தண்ணீரைப் பயன்படுத்தும் உரிமத்தைச் சுவிஸ் சட்டம் 80 ஆண்டு வரை அனுமதிக்கிறது. அந்த நீளத்தின் முன் ஓராண்டின் விலை ஒரு பருவத்தின் செய்தி மட்டுமே.

இதற்குச் சான்று அந்த நிலையத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 2008-இல் 600 மெகாவாட்டுக்குத் திட்டமிட்டுத் தொடங்கிய அதே நிலையம், 2011-இல் 900 மெகாவாட்டாக விரிவாக்கப்பட்டது. ஓராண்டுக்குப் பதிலாக மூன்றாண்டுச் செய்தி கையில் இருந்தது. உலக நிதி நெருக்கடி கடந்திருந்தது. அல்பிக் நிறுவனமும் சுவிஸ் கூட்டரசு ரயில்வேயும் உள்ளிட்ட பங்காளிகள் தொழிலை நன்கு அறிந்தவர்கள். ஆயினும் அந்தச் செய்தியிலிருந்து அவர்கள் பெற்ற முடிவு, திட்டத்தைப் பெரிதாக்கு என்பதுதான். ஜெர்மனியின் சூரிய மின்திறன் 2009 இறுதியில் ஏறத்தாழ 10 கிகாவாட்டாக இருந்து 2013 இறுதிக்குள் 35 கிகாவாட்டைத் தாண்டியதும், அதுவரை உச்ச விலைக்குரிய நேரமாக இருந்த நண்பகல் மலிவான நேரமாக மாறியதும் அதற்குப் பிறகே முழுமையாகப் புலப்பட்டன. ஓராண்டு பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்போர், 2011-இன் இந்த முடிவுக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

சந்தை சரிந்தபோது கிடைத்த செய்தியும் நிலைத்த செய்தி அல்ல. கிராவ்பூண்டன் மாநிலத்தில் ரெபவர் நிறுவனம் திட்டமிட்ட 1000 மெகாவாட் லாகோபியாங்கோ நிலையம் அந்தச் சரிவைக் கண்டு தள்ளிவைக்கப்பட்டு, கட்டப்படாமலே போனது. இழப்பைத் தவிர்த்த முடிவு என்று அதைப் பாராட்டுவது அன்றைய நிலையில் நியாயமே. ஆனால் 2021-இலும் 2022-இலும் எரிவாயு விலை ஏற்றமும் பிரெஞ்சு அணுமின் நிலையங்களின் நிறுத்தமும் சேர்ந்து மின்விலையை முன்னெப்போதும் காணாத அளவுக்கு ஆட்டியபோது, அந்தச் செய்தி தலைகீழானது. 2009-இல் ஒரு செய்தி, 2013-இல் அதற்கு எதிரான செய்தி, 2022-இல் மீண்டும் வேறு செய்தி என்று மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றில், எந்த ஓராண்டின் முடிவில் நிற்பவருக்கும் தெளிவு தோன்றுமே ஒழிய, கிடைக்காது. அந்தத் தோற்றத்தை நம்புகிறவர் ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டைத்தான் தேர்வார், ஒவ்வொரு முறையும் அந்தத் தேர்வுக்கு முறையான கணக்கும் துணை நிற்கும்.

கட்டுமானக் காலம் நீண்டால் கணக்கின் திசையே மாறக்கூடும் என்பதைப் பர்-இலானும் ஸ்டிரேஞ்சும் 1996-லேயே காட்டியிருக்கின்றனர். நிலையம் தயாராக ஆண்டுகள் பிடிக்கும் என்றால், நல்ல காலம் வந்த பின் கட்டத் தொடங்குகிறவர் அந்தக் காலத்தைத் தவறவிடுவார். ஆகவே ஊசலாட்டம் கூடும்போது சில நிலைகளில் முதலீட்டை முன்கூட்டிச் செய்வதே நன்று. இந்த முடிவு தொழில்துறை அறிக்கைகளில் இடம்பெறாமல், 1986-இன் இருமடங்கு விதி மட்டும் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுவது ஒரு முறையின் வசதியான பாதியை மட்டும் பயன்படுத்துவதாகும். அணைகளைப் பொறுத்தவரை அது பிழையான பாதி.

காத்திருத்தல் பொருந்தும் இடங்களும் சுவிட்சர்லாந்தில் உண்டு, அவற்றை அடையாளம் காண்பதும் கடினமல்ல. 2023 செப்டம்பரில் கூட்டரசு நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்சாரச் சட்டம், பெயர் குறித்த பதினாறு நீர்மின் திட்டங்களுக்குச் சலுகை தந்தது. அதை எதிர்த்துப் பொதுவாக்கெடுப்பு கோரப்பட்டு, 2024 ஜூன் 9 அன்று ஏறத்தாழ 69 விழுக்காடு வாக்குகளுடன் சட்டம் நிலைத்தது. அந்தப் பட்டியலில் இடம்பெற்ற ஒரு நிறுவனம் சில மாதங்கள் பொறுத்திருந்தால், அது எதிர்நோக்கியது ஒரு குறிப்பிட்ட நாளில் ஆம் அல்லது இல்லை என்று வரும் விடையை. வகுப்பறைக் கணக்கின் இரு கிளைகளும் அங்கே பெருமளவு பொருந்துகின்றன. முடிவுகள் வெளியான ஜூன் 9 மாலையில் சட்டத்தைப் பற்றிய கேள்வி தீர்ந்தது. நண்பகல் விலை, குளிர்கால விலை, அண்டை நாடுகள் நிறுவப்போகும் மின்கலங்கள் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் அதற்கு முந்தைய நாளில் இருந்த நிலையிலேயே இருந்தன, அவற்றுக்கு எந்த ஆண்டும் நாள் குறிக்கப்படவில்லை.