ஒரு சொல் மாற்றம்

“மாலை மழைமுடிந்த வேப்ப மரத்தடியில்” என்று ஒரு வெண்பா தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தளை தட்டவில்லை, மோனையும் இருக்கிறது. ஆனால் ‘முடிந்த’ மட்டும் உறுத்துகிறது. கூட்டம் முடியும், பாடவேளை முடியும். மழைக்கு அது பொருந்தவில்லை. பேச்சில் இயல்பாக வரும் ‘மழைவிட்டதும்’ என்பதை வைத்தால் நிரை நேர் நிரை, கனிச்சீராகிவிடும், வெண்பா ஏற்காது. ‘மழைநின்ற’ புளிமாங்காய், இலக்கணப்படி சரிதான். ஆனால் ‘ன்ற’ என்னும் வல்லோசை மழையைச் சட்டென்று வெட்டிவிடுகிறது. ‘மழையோய்ந்த’ என்று சொல்லிப் பாருங்கள். இதுவும் புளிமாங்காய்தான், காய்ச்சீரை அடுத்து ‘வேப்ப’ நேரசையில் தொடங்குவதால் வெண்டளையும் குலையவில்லை. ஓகார நெடில் நீண்டு, யகரத்தில் தளர்ந்து, மெல்ல அடங்குகிறது. இலையில் இன்னும் ஈரம் சொட்டுகிறது.

முதலில் தோன்றிய சொல்லே உண்மையானது, திருத்தினால் உணர்ச்சி போய்விடும் என்பார்கள். இங்கே மற்ற மூன்று சீர்களும் அப்படியே இருக்கின்றன. மழைக்குப் பிந்தைய அமைதி முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது. அசை பிரித்து முடித்ததும், பழைய அடியையும் திருத்திய அடியையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.