நூறு விழுக்காட்டுக்குள் என்ன இருக்கிறது?

ஆசிரியர் வேலைக்குப் போடும் விண்ணப்பக் கடிதத்தில் எல்லோரும் எழுதும் வரி ஒன்று உண்டு: “என் பாடத்தில் மாணவர் தேர்ச்சி நூறு விழுக்காடு.” புனே பள்ளி முதல்வர் ஒருவர் இதைப் படிப்பதும் கொழும்பில் ஒருவர் படிப்பதும் ஒன்றல்ல. இரண்டு ஊரிலும் தேர்வு விதிகள் வேறு. கடிதத்துக்கு இருக்கும் வேலையும் வேறு.

முதலில், கடிதத்தை யார் படிக்கிறார்கள் என்று பார்ப்போம். இலங்கையில் 1960-61இல் உதவி பெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்ற பிறகு, பெரும்பாலான ஆசிரியர்களுக்கு அரசே முதலாளி ஆனது. கல்வியியற் கல்லூரி முடித்து நியமனம் பெறலாம். அல்லது வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்து, அதில் கொடுத்த மாதிரிப் படிவத்தை நிரப்பி, உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பலாம். அந்தப் படிவத்தில் பட்டத்துக்கு இடம் உண்டு, வகுப்பில் எப்படிக் கற்பித்தீர்கள் என்பதற்கு இடமில்லை. வகுப்பறையைப் பற்றிச் சொல்லக் கடிதம் தேவைப்படுவது தனியார் கல்லூரிகளிலும் கொழும்பின் சர்வதேசப் பள்ளிகளிலும்தான்.

புனேயிலும் அரசு வழி உண்டு. கேந்திரிய வித்யாலயத்துக்கு எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். மகாராஷ்டிரத்தின் உதவி பெறும் பள்ளிகளுக்கு ‘டெய்ட்’ தேர்வும் ‘பவித்ரா’ இணையதளமும் இருக்கின்றன. ஆனால் ஹிஞ்சவடி, வாகட், பானேர் பக்கம் ஐ.டி. குடியிருப்புகளோடு முளைத்த சுயநிதி சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஏராளம். அங்கே கடிதமும் பயோடேட்டாவும் மின்னஞ்சலில் போகின்றன. பிடித்திருந்தால் ‘டெமோ’வுக்குக் கூப்பிடுவார்கள். கடிதத்தில் சொன்ன முறையை இருபது நிமிடத்தில் கரும்பலகையில் செய்து காட்ட வேண்டும். ஆகவே புனேயில் கடிதம் என்பது டெமோவுக்கு முன்னோட்டம். செய்து காட்ட முடியாததை அதில் எழுதக் கூடாது.

இப்போது அந்த நூறு விழுக்காட்டுக்கு வருவோம். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 80, அகமதிப்பீடு 20. இரண்டும் சேர்ந்து 33 வந்தால் தேர்ச்சி. அந்த இருபதைப் போடுவது பள்ளிதான். அதில் 18 வாங்கிய மாணவர் எழுத்துத் தேர்வில் 80க்கு 15 எடுத்தாலே கரையேறிவிடலாம். கணிதத்தில் இன்னொரு கதவும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து ‘ஸ்டாண்டர்ட்’, ‘பேசிக்’ என்று இரண்டு தாள்கள். பாடக் குறியீடுகள் 041, 241. தடுமாறும் மாணவர்களை பேசிக்குக் கொண்டுபோகும் பள்ளிகள் உண்டு. இதெல்லாம் முதல்வருக்கு அத்துப்படி. வெறும் “நூறு விழுக்காடு” என்ற வரியை அவர் கண் தாண்டிப் போய்விடும்.

இலங்கையின் க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்துக்கு அந்த இருபது இல்லை. பரீட்சைத் தாளில் எடுத்த புள்ளிதான் தரத்தைத் தீர்மானிக்கிறது. 75க்கு ஏ, 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ், அதற்குக் கீழே டபிள்யூ. கணிதத்தில் டபிள்யூ வந்தால் உயர்தர வகுப்புக்குப் போவதே சிக்கல். அதனால் அங்கே முதல்வர் முதலில் பார்ப்பது கடைசித் தட்டைத்தான். முப்பத்தாறு பேரில் நான்கு பேருக்கு டபிள்யூ என்று எழுதுவது அங்கே வெட்கப்படும் விஷயமல்ல. ஆண்டின் முதல் தவணைப் பரீட்சையில் 35க்குக் கீழே ஒன்பது பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், ஆசிரியர் செய்த வேலை தெரியும். புனேயிலோ தோல்வி விகிதத்துக்கு அவ்வளவு பொருள் இல்லை. எழுத்துத் தேர்வின் 80இல் எத்தனை பேர் எங்கே நின்றார்கள் என்பதுதான் பேசும். மதிப்பெண் பட்டியலில் எழுத்தும் அகமதிப்பீடும் தனித்தனியாகவே வருகின்றன. கடிதத்திலும் அப்படியே பிரித்துக் கொடுக்கலாம்.

புனேக்கு எழுதும் ஒரு கணித ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். அவருடைய கடிதத்தின் பழைய பத்தி இது: “செயல்வழிக் கற்றல், அனுபவக் கற்றல் ஆகிய புதுமையான முறைகளைக் கையாண்டு நூறு விழுக்காடு தேர்ச்சி பெற்றுத் தந்தேன்.” செயல்வழி, அனுபவம் என்பவை சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கைகளின் சொற்கள். இலங்கையில் 2007 பாடத்திட்டச் சீர்திருத்தத்தோடு வந்த ‘5ஈ’ மாதிரியும் அப்படித்தான். ஆசிரியர் வழிகாட்டியைப் பிரித்தாலே அந்த ஐந்து படிகளும் இருக்கும். எல்லோருக்கும் தரப்பட்ட சொல்லை வைத்து ஒருவரைத் தனியாக அடையாளம் காண முடியாது.

அதே ஆசிரியை அந்தப் பத்தியை இப்படி மாற்றி எழுதலாம்: “என் பத்தாம் வகுப்பில் 36 பேர். ஸ்டாண்டர்ட் 27, பேசிக் 9. ஜூலைத் தேர்வில் ஸ்டாண்டர்ட் மாணவரில் 14 பேர் வாக்கியக் கணக்கில் சமன்பாட்டையே தவறாக அமைத்தார்கள். தந்தையின் வயது மகனைப்போல் மூன்று மடங்கு, பத்து ஆண்டு கழித்து இரண்டு மடங்கு என்றால், அந்தப் பத்தைத் தந்தைக்கு மட்டும் கூட்டினார்கள். திருத்திக் கொடுக்காமல், அந்தத் தவறான சமன்பாட்டையே தீர்க்கச் சொன்னேன். மகனுக்கு வயது மைனஸ் பத்து வந்தது. எங்கே பிசகியது என்று அவர்களே தேடினார்கள். வாரம் ஒரு முறை, பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம், இப்படி ஒரு தவறைத் தீர்ப்போம். டிசம்பர் முன்னோட்டத் தேர்வில் அதே வகைக் கணக்கில் தவறியவர்கள் 5 பேர்.”

இதில் உள்ள எண்கள் ஒவ்வொன்றையும் விசாரிக்கலாம். தவறு எது, முறை எது, அந்த முறை தொட்ட கணக்கு எது என்பது ஒரே கோட்டில் வருகிறது. டெமோவில் இந்தக் கணக்கையே கொடுத்தாலும் அவர் தயங்க மாட்டார். ஜூலைத் தாளும் டிசம்பர் தாளும் ஒரே கடினத்தில் இருந்தனவா என்று முதல்வர் கேட்கக்கூடும். அது நியாயமான கேள்விதான். கடினம் மாறியிருந்தால் 14, 5 என்ற ஒப்பீடு ஆட்டம் காணும். இரண்டு தாள்களிலிருந்தும் அந்தக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போவது நல்லது. விடைத்தாள்கள் வேண்டாம். மாணவர் பெயர் தெரியும் எதையும் இணைக்கக் கூடாது. பழைய பள்ளி வெளியிடாத மதிப்பெண் விவரம் என்றால் அந்தப் பள்ளியின் அனுமதியும் வேண்டும்.

இலங்கைக் கடிதத்தில் இந்தப் பத்தி கொஞ்சம் சுருங்கும் என்பது என் கணிப்பு. டெமோ உறுதியில்லாத இடத்தில் முறையின் விவரத்தை விட, முந்தைய அதிபர் கொடுத்த நற்சான்றும் தரவாரியான எண்ணிக்கையும் கூடுதல் எடை பெறும். அங்கே மைனஸ் பத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, ஏ முதல் டபிள்யூ வரை ஒரு சிறு அட்டவணை போடலாம்.

இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரு தொல்லை டியூஷன். யாழ்ப்பாணத்துத் தனியார் கல்வி நிலையங்களும் புனேயின் கோச்சிங் வகுப்புகளும் அதே மாணவரின் அதே மதிப்பெண்ணுக்கு உரிமை கொண்டாடுகின்றன. மாணவரின் ஏ தரமோ 95 மதிப்பெண்ணோ தன்னால்தான் என்று ஆசிரியர் எழுதினால், படிப்பவர் உள்ளுக்குள் சிரிப்பார். டியூஷனுக்குப் போகாத மாணவர்கள் வகுப்பில் எத்தனை பேர், அவர்களிடம் என்ன மாறியது என்று தனியாக ஒரு வரி எழுத முடிந்தால், அந்த மாற்றத்தில் ஆசிரியரின் பங்கை மறுப்பது கடினம்.