கட்டுநிதி: குறையாத ஒரு தொகை

பூனாகலை போன்ற மலைத்தோட்டமொன்றின் அலுவலகத்தில் முத்திரை, பண்டாரவளைக்கான பஸ் கட்டணம், அவசரத்துக்கு வாங்கும் ஆணி முதலிய சிறு செலவுகளுக்குக் காசோலை எழுதுவது வீண் வேலையாதலால், அவற்றுக்கென ஒரு நிலையான தொகையைச் சில்லறைக் காசாளரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடே கட்டுநிதி முறை எனப்படுகிறது.

எடுத்துக்காட்டாகக் கட்டுநிதி 20,000 ரூபாய் எனக் கொண்டால், ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டு இணைத்த உறுதிச்சீட்டு எழுதப்பட்டு, மாத முடிவில் அவற்றின் கூட்டுத்தொகை 13,650 ரூபாயாக இருக்குமானால், அதே 13,650 ரூபாய்க்கே மீள்நிரப்புக் காசோலை வழங்கப்படும். அதனால் பெட்டி மீண்டும் 20,000 ரூபாயை அடைகிறது. உறுதிச்சீட்டுகள் இரண்டாம் முறை காட்டப்படாதிருக்க, அப்போதே அவற்றில் 'செலுத்தப்பட்டது' என முத்திரை குத்தப்படுகிறது.

இம்முறையின் அழகு சரிபார்ப்பில்தான் உள்ளது: கையிலுள்ள காசும் மீள்நிரப்பப்படாத உறுதிச்சீட்டுகளும் சேர்ந்து எந்த நேரத்திலும் 20,000 ஆக வேண்டும் என்பதால், முன்னறிவிப்பின்றி வரும் பரிசோதகர் ஏடுகளைப் புரட்டாமலேயே சில நிமிடங்களில் நிலையை அறிந்துவிடலாம். மீள்நிரப்புக்கு முன் எண்ணிய காசு 5,850 ஆக இருந்து 500 ரூபாய் குறையும்போது, பெரும்பாலும் யாரோ கைமாற்றாக வாங்கியதற்கான துண்டுச்சீட்டொன்று பெட்டியில் கிடக்கும். அது செலவன்று, உடனே திரும்பப் பெற வேண்டிய கடனாகும். ஆயினும், போலிப் பற்றுச்சீட்டு இருந்தாலும் கணக்கு நேராகவே நிற்குமாதலால், ஒவ்வொரு சீட்டையும் காசாளரல்லாத ஒருவர் படித்துப் பார்த்த பின்னரே மீள்நிரப்புக் காசோலையில் ஒப்பமிட வேண்டும்.