பஜனை மெட்டுக்கு ஒரு ஆர்மோனியம்

ரந்தாவ் பக்கத்துத் தோட்டக் கோவிலில் பாடும் பஜனை மெட்டு ஒன்றை நண்பர் கீபோர்டில் வாசித்து மிடி கோப்பாகத் தந்தார். சில கிலோபைட்தான். அதில் ஒலியே கிடையாது. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்புதான். குரல் கொடுப்பது சவுண்ட்ஃபான்ட்.

```
fluidsynth -ni -F bajanai.wav -r 44100 FluidR3_GM.sf2 bajanai.mid
```

பியானோ ஒலியில் மெட்டு சரி, கோவில்தான் இல்லை. தட்டியதுமே ஸ்வரம் தேயத் தொடங்குகிறது. ஆர்மோனியமோ துருத்தியில் காற்று உள்ளவரை நிற்கும். ஜெனரல் மிடி பட்டியலில் ஆர்மோனியம் கிடையாது. 21ஆம் எண்ணான ரீட் ஆர்கன் நெருங்கி வருகிறது: நாக்குகள் அதிரும் அந்த மெல்லிய கரகரப்பு, அழகு! சில மென்பொருள்கள் 0-விலிருந்து எண்ணும். அங்கே 21 போட்டால் அக்கார்டியன் வந்து நிற்கும், பஜனை திருவிழாச் சந்தைக்குப் போய்விடும். ஜால்ராவுக்கு 10ஆம் சேனலில் 81ஆம் கட்டை, அதாவது முக்கோண மணி. அழுத்தத்தைப் பாதியாக்கினால் காதைக் குத்தாது. நாதஸ்வரத்துக்கு 112ஆம் எண் ஷெனாய் உண்டுதான். ஆனால் கமகம் பிட்ச் பெண்டாகப் பதிவாகாத கோப்பில் அது படிப்படியாகத் தாவும். அதற்கு ஆர்மோனியமே மேல்.