‘டி’ உத்தரத்தின் கணக்கு

100 மி.மீ. அகலமும் 20 மி.மீ. தடிப்பும் உள்ள இரண்டு எஃகுப் பட்டைகள். ஒன்றைப் படுக்கவைத்து, அதனடியில் மற்றதை நிறுத்திப் பற்றவைத்தால் ‘டி’ உத்தரம். பரப்பு சமம் என்பதால் பரப்பு மையம் இரண்டின் மையங்களுக்கும் நடுவே, அடியிலிருந்து 80 மி.மீ. உயரத்தில் விழுகிறது. பட்டைகளின் சொந்த இரண்டாம் திருப்புத்திறன் மொத்தம் 17.3 லட்சம் மி.மீ.⁴ மட்டுமே; மையத்திலிருந்து 30 மி.மீ. விலகி நிற்பதற்காகச் சேர்வதோ 36 லட்சம். விலகலின் வர்க்கம் தரும் இந்த வரவுதான் எத்தனை அழகு! அதே பரப்புள்ள சதுரக் கம்பி வளைவதில் கால்பங்குதான் இது வளையும்.

வலிமையும் நான்கு மடங்கா? இல்லை. அடிவிளிம்பு 80 மி.மீ. தள்ளியிருப்பதால் மேல்விளிம்பைவிட இருமடங்கு தகைவு அங்கே ஏறுகிறது. வலிமை ஏறத்தாழ 1.6 மடங்கே. இருமுனையும் தாங்கிய உத்தரத்தில் அடிப்பக்கம்தான் இழுபடும். ஆகவே, இழுவிசைக்கு எளிதில் முறியும் வார்ப்பிரும்பானால் அகலப் பட்டையை அடியில் வைக்க வேண்டும்.